'பிடிக்கப்படாது'... 'பிடிக்கப்படும்'... மண்டபத்து மைக்கில் எது கேட்டது?

பெரிய மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசும்போது எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், குரலை எங்கே ஏற்றி இறக்க வேண்டும்? பனியன் கம்பெனி போனஸ் கூட்டம் ஒன்றை வைத்து ஒரு விளக்கம்.

தீபாவளிக்கு இன்னும் சில நாள்கள்தான். திருப்பூர் பல்லடம் சாலை, வீரபாண்டி பக்கம் ஒரு திருமண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி ஒன்றின் போனஸ் கூட்டம். அறுநூறு நாற்காலி போட்டிருக்கிறார்கள். டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாப் பிரிவு ஆட்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்குகிறார்:

"போனஸ் வர்ற பதினாறாம் தேதி எல்லாருக்கும் பேங்க் அக்கவுன்ட்ல ஏறிடும் இதுல நீங்க வாங்கின முன்பணம் எதுவும் பிடிக்கப்படாது லீவு எடுத்த நாள் கணக்கு மட்டும் தனியா பார்க்கப்படும்."

கூட்டம் கலைகிறது. வாசலில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிடுகிறது சந்தேகம். "ஏங்க்கா, பதினாலுன்னாரா, பதினாறுன்னாரா?" என்று ஒருவர். "முன்பணத்தைப் பிடிச்சுடுவாங்களாமே" என்று இன்னொருவர். மறுநாள் கம்பெனியில் அதுவே செய்தியாகிவிடும்.

மேனேஜர் பொய் சொல்லவில்லை. மைக் ரிப்பேரும் இல்லை. சத்தமும் போதுமான அளவு இருந்தது. பிறகு எங்கே போனது அந்த 'படாது'? பதில் அந்த மண்டபத்தின் சுவர்களில் இருக்கிறது.

சொல்லை விடாத சுவர்கள்

நம் ஊர் திருமண மண்டபங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தரையில் டைல்ஸ் அல்லது கிரானைட், சிமென்ட் பூசிய சுவர், உயரமான கான்கிரீட் கூரை. எல்லாமே வழவழப்பான கடினமான பரப்புகள். ஒலி இவற்றில் பட்டால் அப்படியே திரும்பி வரும். மேடையோரம் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் சொல், நூறு அடி தள்ளி இருக்கும் பின்சுவரில் பட்டுத் திரும்பி வர ஏறக்குறைய 0.18 விநாடி ஆகும். தமிழில் ஓர் எழுத்தைச் சொல்லி முடிக்க ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது, நீங்கள் அடுத்த எழுத்தைச் சொல்லும்போது முந்தைய எழுத்து திரும்பி வந்து அதன் மேல் ஏறி உட்காருகிறது. பின்சுவர் மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கச் சுவர், கூரை, தரை என்று எல்லாப் பக்கமிருந்தும் இப்படி வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் 'மண்டபம் முழங்குது' என்கிறோம். அறிவியலில் இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

இந்த முழக்கத்தை முதன்முதலில் அளந்து பார்த்தவர் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகக் கட்டடத்தைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். அதிலிருந்த விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன ஒரு சொல் சுமார் ஐந்தரை விநாடி வரை அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை சபைனிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு, நள்ளிரவில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அறைக்குள் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. மனித உடம்பும் மெத்தையைப்போலவே ஒலியைக் குடிக்கும் என்பதையும் கண்டார்.

அவர் கண்டுபிடித்த கணக்கு எளிமையானது. அறையின் கொள்ளளவு பெரிதானால் முழக்கம் நீளும். ஒலியைக் குடிக்கும் பொருள்கள் கூடினால் முழக்கம் குறையும்.

காலி மண்டபம், கால் மண்டபம், நிறைந்த மண்டபம்

நம் வீரபாண்டி மண்டபத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு அடி நீளம், அறுபது அடி அகலம், இருபது அடி உயரம் என்று கொள்வோம். ஆளே இல்லாமல், பிளாஸ்டிக் நாற்காலியும் திறந்த கதவுகளும் மட்டும் இருந்தால், முழக்கம் முழுவதும் அடங்கச் சுமார் 5 விநாடி ஆகும். நூற்றைம்பது பேர் வந்து உட்கார்ந்தால் அது 3 விநாடியாகக் குறையும். அறுநூறு பேரும் வந்துவிட்டால் ஒன்றரை விநாடிதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. காலையில் காலி மண்டபத்தில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிப் பார்த்துவிட்டு 'ஐயோ, ஒண்ணுமே புரியலையே' என்று பயப்பட வேண்டியதில்லை. கூட்டம் நிறைந்தால் அதே மண்டபம் பேச்சுக்கு இடம் கொடுக்கும். ஆனால், மழையோ பஸ்ஸோ காரணமாகக் கால்வாசிப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், அன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசியே ஆக வேண்டும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பேச்சின் வேகம் மாற வேண்டும்.

எவ்வளவு நிறுத்துவது? முழக்கம் முழுசாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் விட்டாலே, பழைய சொல்லின் வலு நூறில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதற்குமேல் புதிய சொல் தெளிவாகக் கேட்கும். ஆக, நிறைந்த மண்டபத்தில் அரை விநாடி. கால் மண்டபத்தில் ஒரு விநாடி. பேசும் ஆளுக்கு அந்த ஒரு விநாடி ஒரு நிமிடம்போலத் தோன்றும். கேட்பவருக்கு அது இயல்பாகவே இருக்கும்.

கையில் கருவி எதுவும் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மேடையில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். சத்தம் அடங்கும்வரை மனதுக்குள் 'ஒண்ணு... ரெண்டு...' என்று கடிகார வேகத்தில் எண்ணுங்கள். கிடைத்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த மண்டபத்தில் உங்கள் நிறுத்தம்.

தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று

நிறுத்தத்தின் அளவு தெரிந்துவிட்டது. அதை எங்கே வைப்பது? இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். செய்வோமா மாட்டோமா என்பது அந்த வினையின் வாலில் இருக்கும். 'பிடிக்கப்படும்', 'பிடிக்கப்படாது' இரண்டும் 'பிடிக்கப்ப' வரை ஒன்றுதான். கடைசி இரண்டு மூன்று எழுத்தில்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் நிற்கிறது. ஆனால், பேசும்போது மூச்சு தீர்வதும் குரல் இறங்குவதும் சரியாக அந்த வாலில்தான். மேனேஜர் 'படாது' என்பதை மூச்சு தீரும் நேரத்தில் முணுமுணுத்துவிட்டு, உடனே 'லீவு எடுத்த நாள்' என்று அடுத்ததற்குத் தாவினார். இறங்கிய குரலில் வந்த வாலை, அடுத்த வாக்கியத்தின் தலை வந்து மிதித்துவிட்டது.

அதனால் முதல் விதி இது. வினையின் கடைசி எழுத்து வரை அதே குரலில் கொண்டுபோய் முடித்துவிட்டு, பிறகு நிறுத்துங்கள். இது வாலைக் காப்பாற்றும் நிறுத்தம்.

இரண்டாவது, முக்கியமான சொல்லுக்கு முன்னால் வரும் நிறுத்தம். எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'அறுநூறு', 'இருநூறு', 'எழுநூறு' எல்லாவற்றுக்கும் வால் ஒன்று, தலைதான் வேறு. முந்தைய சொல்லின் முழக்கம் அந்தத் தலையை மறைத்துவிட்டால், கேட்பவர் காதில் 'நூறு' மட்டும்தான் விழும். எண்ணுக்கு முன்னால் அரை விநாடி விட்டால் தலை தப்பிக்கும். 'பதினாலு', 'பதினாறு' இரண்டுக்கும் தலை ஒன்று, வித்தியாசம் வாலில். அதற்குப் பின்னால் நிறுத்தம் வேண்டும். எது எப்போது என்று மேடையில் யோசிக்க முடியாது. ஆகவே, எண் வந்தால் முன்னும் பின்னும் நிறுத்துவது என்று பழக்கிக்கொள்வது எளிது.

நிறுத்தம் இடம் மாறினால் அர்த்தமும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. 'அம்மா அழுதுகொண்டே போன மகளைக் கூப்பிட்டாள்' என்ற வாக்கியத்தில், 'அம்மா' என்று சொல்லி நிறுத்தினால் அழுதது மகள். 'அம்மா அழுதுகொண்டே' என்று சொல்லி நிறுத்தினால் அழுதது அம்மா. எழுத்தில் எதுவும் மாறவில்லை. அதனால் மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்தாமல், பொருள் முடிந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும். இதற்குத் தாளில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்வது நல்லது.

அதே அறிவிப்பு, மறுபடியும்

இப்போது மேனேஜரின் அறிவிப்புக்குக் கோடு போடுவோம். ஒரு கோடு என்றால் அரை விநாடி. இரண்டு கோடு என்றால் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூட.

"போனஸ் தேதி சொல்றேன். // பதினாறு. // ஒண்ணு, / ஆறு, / பதினாறாம் தேதி, / வியாழக்கிழமை. // அன்னிக்கு பேங்க் அக்கவுன்ட்ல ஏறிடும். //

அடுத்தது / முன்பணம். // போனஸ்ல இருந்து / ஒரு ரூபாகூட / பிடிக்க மாட்டோம். //

லீவு எடுத்த நாள் கணக்கு / வேற. // அதை / மாசச் சம்பளத்துல / பார்த்துக்கலாம். //"

என்னவெல்லாம் மாறியிருக்கிறது பாருங்கள். தேதிக்கு முன்னால் 'தேதி சொல்றேன்' என்று ஓர் அறிவிப்பு, அதன் பிறகு முழு நிறுத்தம். அந்த ஒரு விநாடியில் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவரும் திரும்பிப் பார்த்துவிடுவார். 'பதினாறு' என்பதை இலக்கமாகவும் சொல்லி, கிழமையையும் சேர்த்ததால், ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும்.

முன்பணத்தில் 'ஒரு ரூபாகூட' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதைக் கேட்டதுமே அடுத்து வரப்போவது 'இல்லை' என்ற பொருள்தான் என்று தமிழ் காதுக்குத் தெரிந்துவிடும். வால் கேட்காமல் போனாலும் பொருள் தவறாது. 'பிடிக்கப்படாது' என்ற ஆபீஸ் தமிழை 'பிடிக்க மாட்டோம்' என்று மாற்றியதில், மறுப்பு நாலெழுத்தில் தனிச்சொல்லாக நிற்கிறது. லீவு கணக்கு எதில் பார்க்கப்படும் என்பதும் இப்போது தெளிவு.

முதல் வடிவத்தைச் சொல்லப் பத்துப் பன்னிரண்டு விநாடி போதும். இது அரை நிமிடத்தைத் தொடும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து அரைகுறைத் தமிழில் வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கு இந்தக் கூடுதல் நேரம் இன்னும் அவசியம். பழகாத மொழியை முழக்கத்துக்கு நடுவே பிரித்தெடுப்பது தாய்மொழியைவிடக் கடினம். வருடக்கணக்கில் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்துக் காது மந்தமானவர்களுக்கும் அப்படித்தான்.

ஏற்ற இறக்கம் மைக்கில் எப்படி?

'சத்தமா பேசினா கேட்கும்' என்பது மைக் இல்லாத காலத்து யோசனை. கத்தும்போது 'ஆ', 'ஓ' போன்ற உயிர் ஒலிகள்தான் பெருக்கின்றன. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் க், த், ப், ற் போன்ற மெய் ஒலிகள் அதே அளவுக்குப் பெருகுவதில்லை. பெருத்த உயிர் ஒலி மண்டபத்தில் சுற்றிவந்து மெய் ஒலியை மூடிவிடும். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும். வாய் செய்ய வேண்டியது மெய்யெழுத்தைத் தெளிவாக உதைத்துச் சொல்வது.

அப்படியென்றால் ஒரே குரலில் பேசுவதா? அதுவும் கூடாது. மேலே, கீழே, வேகம், மெதுவு எல்லாம் வேண்டும். கதை சொல்லும் இடத்தில் வேகமாகப் போகலாம், ஒரு சொல் தவறினாலும் கதை புரியும். தேதி, தொகை, பெயர் வரும் இடத்தில் மெதுவாக வர வேண்டும். வேகத்திலிருந்து மெதுவுக்கு மாறும் அந்தக் கணமே 'இதைக் கவனி' என்ற சைகையாகிவிடும். சுருதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கம்பீரம் என்று நினைத்து அடித்தொண்டையில் பேசினால் மண்டபம் குமுறும். கனத்த ஒலியைச் சுவர்கள் எளிதில் குடிப்பதில்லை. உங்கள் இயல்பான சுருதியிலோ, அதற்கு அரைப்படி மேலோ பேசுவது தெளிவு.

உரக்க, மெல்ல என்ற வித்தியாசத்துக்கு மைக்கின் தூரம் கைகொடுக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி சாதாரணப் பேச்சுக்குச் சரி. குரலை உயர்த்தும் இடத்தில் ஒரு சாண் பின்னால் போங்கள். ரகசியம்போலத் தாழ்த்திச் சொல்லும் இடத்தில் இரண்டு விரல் அளவுக்கு நெருங்குங்கள். மைக் இல்லாதபோது அறுநூறு பேரிடம் மெல்லிய குரலில் பேசவே முடியாது. மைக் தந்த பெரிய வசதி அதுதான். ஆனால், நெருங்க நெருங்கக் குரலில் கனம் கூடும். அதனால் நெருக்கத்தில் நாலு சொல் போதும். ப என்ற எழுத்தில் 'டொப்' என்று காற்று அடித்தால் மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்தோரம் சாய்த்துப் பிடியுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். அது 'கூய்' என்று கத்த முக்கியக் காரணங்களில் ஒன்று அது.

சும்மா நிற்பதும் பேச்சுதான்

அரை விநாடி, ஒரு விநாடி நிறுத்தம் எல்லாம் காதுக்காக. மூன்று நாலு விநாடி மௌனம் கண்ணுக்காக. கூட்டம் சலசலத்துக்கொண்டிருக்கும்போது 'அமைதி... அமைதி... தயவுசெய்து அமைதி' என்று மைக்கில் கத்தினால், அந்தச் சத்தத்தை மீறிப் பேசக் கூட்டமும் குரலை உயர்த்தும். மைக் முன் வந்து, மூன்றாவது வரிசையைப் பார்த்தபடி மூன்று நாலு விநாடி வாய் திறக்காமல் நில்லுங்கள். முன்வரிசையில் பேச்சு நிற்கும். அந்த அமைதி பின்னால் பரவும்.

இதில் ஒரு கோளாறு வரும். நீங்கள் சும்மா நின்றால், 'மைக் போயிடுச்சோ' என்று நினைத்து மைக் செட்காரர் வால்யூமை ஏற்றிவிடுவார். அடுத்து நீங்கள் வாய் திறந்ததும் மைக் ஊளையிடும். அல்லது, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தொகுப்பாளர் இன்னொரு மைக்கில் நுழைந்துவிடுவார். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே இருவரிடமும் "அண்ணே, இடையில நிறுத்திப் பேசுவேன், கை வைக்காதீங்க" என்று சொல்லிவைப்பது நல்லது.

இன்னொன்று, நிறுத்த வேண்டிய இடத்தை 'வந்து...', 'என்னன்னா...', 'ஆ...' என்று நிரப்புவது. வீட்டில் பேசும்போது அது யாருக்கும் தெரியாது. மைக்கில் ஒவ்வொரு 'ஆ...'வும் மண்டபத்தைச் சுற்றிவந்து அடுத்த சொல்லை மறைக்கும். வாயை மூடிக்கொள்ளும் பழக்கம்தான் இதற்கு மருந்து.

உடுக்கைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது

மைக் வருவதற்கு முன்பே நம் மண்ணின் கதைசொல்லிகள் இதை நடைமுறையில் வைத்திருந்தார்கள். கொங்கு நாட்டின் அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960-களில் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்திருக்கிறார். உடுக்கடிப் பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு பகுதியைச் சொல்லி நிறுத்த, துணைப் பாடகர் அதை வாங்கிக்கொள்வார். நடுவில் உடுக்கை ஒலிக்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் போடும் 'ஆமா'வும் அதே வேலையைத்தான் செய்கிறது. சொன்னது மனதில் இறங்க நேரம் கிடைக்கிறது, சொல்பவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

பட்டிமன்ற மேடையிலும் இதைப் பார்க்கலாம். சிரிப்பு எழுந்ததும் நல்ல பேச்சாளர் நிறுத்திவிடுவார். முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். சிரிப்பு உச்சிக்குப் போய்ப் பாதிக்குமேல் இறங்கும் நேரத்தில் அடுத்த வரியை எடுப்பார். சிரிப்பின் மேலேயே பேசினால் அந்த வரி யாருக்கும் போய்ச் சேராது.

நிறுத்தத்தால் ஆகாததும் உண்டு

ஒரு கை தட்டலுக்கே ஐந்தாறு விநாடி முழங்கும் மண்டபத்தில், எவ்வளவு நிறுத்தினாலும் நீண்ட பேச்சு புரியாது. அங்கே வேலை மைக் செட்காரருக்கு. மேடையோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதற்குப் பதில், சிறிய ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, கீழ் நோக்கித் திருப்பி, குறைந்த சத்தத்தில் ஓடவிடலாம். 'பாஸ்' குமிழைக் குறைக்கச் சொல்லலாம். திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை என்று சுவரில் பனியன் துணியை ஒட்டினால் பலன் இருக்காது. கனமான துணியை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் கீச்சொலி முழக்கம் குறையும். கனத்த ஒலி அப்போதும் மிச்சமிருக்கும்.

இவை எதுவும் செய்ய முடியாத நாளிலும் ஒரு சோதனை கைவசம் இருக்கிறது. பேசி முடித்ததும் மேடையை விட்டு இறங்கிவிடாதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, "அக்கா, போனஸ் எந்தத் தேதி? முன்பணம் பிடிப்போமா, மாட்டோமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள். "பதினாறு, பிடிக்க மாட்டீங்க" என்று பதில் வந்தால் கூட்டம் முடிந்தது. வராவிட்டால் இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது கிளம்பும் வதந்தியைவிட அந்த ஒரு நிமிடம் லாபம்.